90 ஆயிரம் வெள்ளி சேதம், 54 ஆயிரம் வெள்ளி காசோலை

வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு ஒரு சொல்லை அது பழகிய பொருளிலேயே எடுத்துக்கொள்வது வழக்கம். 'ஏவரேஜ்' என்றால் சராசரி. பள்ளிக்கூடத்தில் படித்தது அதுதான். கடைகளுக்கான தீ காப்புறுதிப் பத்திரத்தில் 'ஏவரேஜ் கிளாஸ்' என்று ஒரு பத்தி இருக்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்கும் சராசரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை என் சித்தப்பாவின் துணிக்கடையில் தீப்பிடித்த பிறகுதான் எங்கள் குடும்பம் தெரிந்துகொண்டது.

சித்தப்பாவின் கடை பத்து பாகாட்டில் ஒரு பழைய கடைவரிசையில் இருக்கிறது. சேலை, பாவாடை தாவணி, பிள்ளைகளின் ஆயத்த ஆடைகள் எல்லாம் விற்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, கடையின் பின்னால் இருந்த சரக்கு அறையில் மின்கம்பி கோளாறால் தீ பிடித்தது. போம்பா வண்டி விரைவாக வந்துவிட்டதால் முன்கடை தப்பியது. சரக்கு அறையில் இருந்த கட்டுகளில் பாதி கருகிவிட்டன. மீதி புகையிலும் தண்ணீரிலும் வீணாயின.

எண்ணிப் பார்த்தபோது, கொள்முதல் விலையில் 100,000 வெள்ளி சரக்கு சேதமாகியிருந்தது. நனைந்த துணிகளை ஒரு வியாபாரி 10,000 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார். அதைக் கழித்தால் நிகர இழப்பு 90,000 வெள்ளி. சித்தப்பா சரக்குக்கு 180,000 வெள்ளி காப்பு எடுத்திருந்தார். இழப்பைப் போல இரண்டு மடங்கு காப்பு இருந்ததால், முழுப் பணமும் வந்துவிடும் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். கடைசியில் வந்தது 54,000 வெள்ளி.

“மொத்தக் கடையும் எரியலையேடா. எரிஞ்சது கொஞ்சம்தானே? அதுக்கு நான் எடுத்த காப்பு போதாதா?” என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். கடை வைத்திருக்கும் யாரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். ஆனால் பத்திரத்தில் அந்தப் பத்தி கேட்கும் கேள்வி வேறு. எரிந்தது எவ்வளவு என்று மட்டும் அது பார்ப்பதில்லை. தீப்பிடித்த அந்த நேரத்தில் கடையில் மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது என்றும் பார்க்கிறது. மொத்தச் சரக்கின் மதிப்பைவிடக் காப்புத்தொகை குறைவாக இருந்தால், குறைகிற பங்குக்குக் கடைக்காரரே தனக்குத் தானே காப்புறுதி கொடுத்துக்கொண்டதாகக் கணக்கு. எவ்வளவு சிறிய இழப்பாக இருந்தாலும் அதே விகிதத்தில் அவரும் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும்.

அன்று கடையில் இருந்த சரக்கு 300,000 வெள்ளி. காப்பு 180,000 வெள்ளி. அதாவது நூற்றுக்கு 60 பங்குதான் காக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 90,000 வெள்ளி இழப்பிலும் நூற்றுக்கு 60, அதாவது 54,000 வெள்ளிதான் கிடைக்கும். மீதி 36,000 வெள்ளி சித்தப்பாவின் தலையில் விழுந்தது. ஜாலான் மஸ்ஜிட் இந்தியா மொத்த வியாபாரிகளிடம் கடனுக்கு எடுத்த சரக்கு அது. எரிந்த துணிக்கும் பணம் கட்டித்தானே ஆகவேண்டும்? சித்தியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

'ஏவரேஜ்' என்ற சொல் கப்பல் வணிகத்திலிருந்து வந்தது. சேதமான சரக்கைக் குறித்த ஓர் அரபுச் சொல், இத்தாலியத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் இப்படித் திரிந்தது என்று சொல்வார்கள். புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவரின் மூட்டைகளைக் கடலில் தள்ளினால், அந்த நட்டத்தைக் கப்பலில் சரக்கு வைத்திருந்த எல்லாரும் அவரவர் பங்குக்கு ஏற்பச் சுமப்பார்கள். நட்டத்தைப் பங்குப்படி பிரிப்பது என்ற அந்தப் பொருளில்தான் தீ காப்புறுதியிலும் இந்தச் சொல் நிற்கிறது. இங்கே பங்காளிகள் இரண்டு பேர்தான். ஒருவர் காப்புறுதி நிறுவனம், மற்றவர் நீங்கள்.

இது அநியாயமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு பக்கத்துப் பக்கத்துக் கடைகள் இரண்டை நினைத்துப் பார்த்தேன். இரண்டிலும் 300,000 வெள்ளிச் சரக்கு இருக்கிறது. ஒருவர் முழுத் தொகைக்கும் கட்டணம் கட்டுகிறார். மற்றவர், 'கடை முழுக்கவா எரியப்போகிறது' என்று பாதித் தொகைக்குக் கட்டுகிறார். கடைத் தீயில் பெரும்பாலும் ஒரு பகுதிதான் எரிகிறது. இருவருக்கும் முழு இழப்பையும் கொடுத்தால், முழுக் கட்டணம் கட்டியவர் ஏமாளியாகிவிடுவார். அடுத்த ஆண்டு எல்லாரும் பாதிக்கே காப்பு எடுப்பார்கள். இதைத் தடுக்கத்தான் அந்தப் பத்தி.

ஆனால் சித்தப்பா சிக்கனம் பார்த்துக் காப்பைக் குறைத்தவர் அல்லர். அவர் பாலிசியைப் புதுப்பித்தது பிப்ரவரி மாதத்தில். அப்போது கடையில் இருந்த சரக்கு 150,000 வெள்ளி. அதற்கு 180,000 என்பது தாராளமான காப்பு. ஆனால் மதிப்பைப் பார்க்கும் நாள் பாலிசி எடுத்த நாள் அல்ல, தீப்பிடித்த நாள். தீபாவளிக்காக அலமாரிகளும் சரக்கு அறையும் நிரம்பி வழிந்த அக்டோபரில், அதே காப்பு 60 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் ஆண்டில் சில வாரங்கள்தான் சரக்கு உச்சத்துக்குப் போகும். துணிக்கடைக்குத் தீபாவளியும் நோன்புப் பெருநாளும், மளிகைக் கடைக்குப் பண்டிகைக் காலம் முழுவதும். அந்த வாரங்களில்தான் காப்பு மிகவும் குறைந்து நிற்கிறது.

கடையில் 300,000 வெள்ளிச் சரக்கு இருந்தது என்று எப்படித் தெரிந்தது? காப்புறுதி நிறுவனம் அனுப்பிய இழப்பு மதிப்பீட்டாளர் கணக்குப் புத்தகத்தைக் கேட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கு 140,000 வெள்ளி. அன்று முதல் தீப்பிடித்த நாள்வரை வாங்கியது 520,000. இரண்டும் சேர்ந்து 660,000. அதிலிருந்து விற்றுப்போன சரக்கின் கொள்முதல் விலையைக் கழித்தால், கடையில் மிச்சம் இருக்க வேண்டிய சரக்கு தெரியும். விற்பனை 480,000 வெள்ளி. அதில் லாபம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல் வந்தது.

மதிப்பீட்டாளர் முதலில் துணிக்கடைக்கு 30 விழுக்காடு லாபம் என்று வைத்துக்கொண்டார். அப்படியானால் விற்ற சரக்கின் கொள்முதல் விலை 336,000, மிச்சம் 324,000. அந்தக் கணக்குப்படி சித்தப்பாவுக்குக் கிடைப்பது 50,000 வெள்ளிதான். நோன்புப் பெருநாளுக்கு அவர் தள்ளுபடி விற்பனை நடத்தியிருந்தார். அந்த ரசீதுகளையும் பழைய ஆண்டுக் கணக்குகளையும் எடுத்துக் காட்டினோம். உண்மையான லாபம் 25 விழுக்காடுதான் என்பது உறுதியானது. விற்ற சரக்கின் விலை 360,000 ஆனது, மிச்சம் 300,000 ஆனது, காசோலை 54,000 ஆனது. ரசீதுகள் மீட்டுக் கொடுத்தது 4,000 வெள்ளி.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. உங்கள் இழப்பீடு குறைக்கப்பட்டால், அந்தப் பத்தியோடு சண்டை போட்டுப் பயனில்லை. பத்தி பத்திரத்திலேயே இருக்கிறது. 'மொத்த மதிப்பு' என்று அவர்கள் எழுதிய தொகை எப்படி வந்தது என்று எழுத்துமூலம் கேளுங்கள். லாப விழுக்காடு சரியா? சரக்கை விற்பனை விலையில் எண்ணிவிட்டார்களா? கடைச் சரக்குக்குப் பொதுவாகக் கொள்முதல் விலைதான் கணக்கு. நிறுவனத்தின் இறுதிப் பதிலும் திருப்தி தரவில்லை என்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்பாளர் சேவையிடம் போகலாம். தனிநபர்களும் சிறு வணிகர்களும் 250,000 வெள்ளி வரையிலான இழப்பை அங்கே முறையிட முடியும்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. சித்தப்பாவின் பாலிசியில் அலமாரி, குளிர்சாதனம் போன்றவற்றுக்குத் தனியாக 60,000 வெள்ளி காப்பு இருந்தது. அவற்றின் மதிப்பு 40,000தான். 'அந்த 20,000ஐச் சரக்குப் பக்கம் சேர்க்கலாமே' என்று கேட்டோம். முடியாது என்றார்கள். பத்திரத்தில் ஒவ்வொரு வரிசையும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் மிஞ்சியது மற்றொன்றின் குறையை நிரப்பாது. வங்கிக் கடனில் வாங்கிய கடைகளுக்கும் இப்படி ஒரு பொறி உண்டு. வங்கிக்காக எடுத்த காப்பு சில வேளைகளில் கடன் தொகை அளவுக்குத்தான் இருக்கும். அது கட்டடத்துக்கு மட்டும் உரியது. உள்ளே இருக்கும் உங்கள் சரக்குக்கு அதில் ஒரு காசுகூட இராது.

இப்போது சித்தப்பாவின் சரக்குக் காப்பு ஆண்டு முழுவதும் 320,000 வெள்ளி. அவருடைய உச்ச வாரத்துக் கொள்முதல் கணக்கைப் பார்த்து வைத்த தொகை அது. கட்டணம் கடைக்குக் கடை மாறும். ஆயிரம் வெள்ளிக் காப்புக்கு ஆண்டுக்கு 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக எடுத்த 140,000 வெள்ளிக் காப்புக்கு 280 வெள்ளி ஆகும். அவர் இழந்தது 36,000.

ஆண்டு முழுவதும் உச்சத் தொகைக்குக் கட்ட மனமில்லாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பண்டிகை மாதங்களுக்கு மட்டும் காப்பை உயர்த்தித் தரும்படி முகவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். சரக்கு அதிகமாக ஏறி இறங்கும் பெரிய கடைகளுக்கு, மாதாமாதம் சரக்கு மதிப்பை அறிவித்து ஆண்டு முடிவில் கட்டணத்தைச் சரிசெய்யும் பாலிசியும் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துவிட்டு மாத அறிவிப்பை அனுப்ப மறந்தாலோ குறைத்துச் சொன்னாலோ, இழப்பீடு மறுபடியும் வெட்டுப்படும்.

உங்கள் வீட்டில் யாராவது கடை வைத்திருந்தால், பத்திரத்தில் சரக்குக்கு எதிரே உள்ள தொகையைப் பாருங்கள். பிறகு போன தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று கொள்முதல் ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள். இரண்டாவது தொகை பெரிதாக இருந்தால், முகவருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டிய நேரம் அடுத்த சரக்கு லாரி வருவதற்கு முன்.