இணைப்பைப் படித்துவிட்டு வரவும்

புதுவையில் நாங்கள் 11 பேர் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை கூடி ஒரு கதையைப் பற்றிப் பேசுகிறோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஒரு நண்பர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஐந்து மணிக்குக் கூட்டம், ஆறரைக்கு காபி. அழைப்பு அனுப்பும் வேலை என்னுடையது. 34 வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து எத்தனையோ கூட்டங்களுக்கு அழைப்பாணை தயார் செய்தவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். அந்த அனுபவமெல்லாம் இருந்தும் சென்ற ஏப்ரல் மாதத்து அழைப்பில் நான் செய்த தப்பைத்தான் எழுத வந்தேன்.

கதை, புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. புத்தகத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்து, கூடவே ஒரு விமர்சனக் கட்டுரையையும் சேர்த்து, மொத்தம் 38 பக்கம் பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் போட்டேன். மேலே இரண்டே வரி: 'சனிக்கிழமை மாலை 5 மணி. இணைப்பைப் படித்துவிட்டு வரவும்.' அனுப்பியது வியாழக்கிழமை இரவு.

சனிக்கிழமை விசாரித்தால் இரண்டு பேர் பாதி படித்திருந்தார்கள். ஒருவர் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு, அதுதான் கதை என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒருவருக்கு போனில் பக்கம் திறக்கவே இல்லை. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக நிறையப் பேசுகிறவர். அன்றைக்கு ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு எரிச்சல். "சில பேர் படிக்காமலேயே வந்துடறாங்க, அப்புறம் என்னத்தைப் பேசறது?" என்று அவர் பக்கம் பார்த்தே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. காபி குடிக்காமல் எழுந்து போனார். மே மாதக் கூட்டத்துக்கு வரவில்லை.

அவர் கதைக்குப் பிறகு வருகிறேன். அந்த இரண்டு வரியில் என்ன கோளாறு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பையனிடமும் 'கையே த தெக்ஸ்த்' என்று ஒரு நோட்டு இருக்கும். வீட்டுப்பாடம் எழுதிக்கொள்வதற்கென்றே தனி நோட்டு. வாத்தியார் மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் பாடத்தை நிறுத்திவிட்டுச் சொல்வார்: வியாழனுக்கு, 42ஆம் பக்கத்திலிருந்து 44 வரை வாசிக்கவும், தெரியாத வார்த்தை பத்து எழுதி வரவும், மனப்பாடம் வேண்டாம். 'பாடத்தைப் படித்து வா' என்று மொட்டையாகச் சொன்னதே இல்லை. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, படித்ததை வைத்து என்ன செய்ய வேண்டும், எது வேண்டாம், எல்லாம் அந்த மூன்று வரியில் இருக்கும். வேண்டாம் என்று சொன்னதுதான் எங்களுக்குப் பெரிய நிம்மதி!

ஆபீசில் பார்த்தது நேர் எதிர். கூட்டப்பொருளுடன் அறுபது எழுபது பக்கம் இணைப்புகளைத் தைத்து அனுப்புவோம். அதிகாரிகள் கூட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் கட்டைப் பிரிப்பார்கள். எனக்கு மேலிருந்த கண்காணிப்பாளர் ஒருவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டின் மேல் அரைப் பக்கத் தாள் ஒன்று: 'முடிவெடுக்க வேண்டியது பத்தி 3. அதற்குப் பார்க்க வேண்டியது இணைப்பு 2 மட்டும். மற்றவை ஆதாரத்துக்காக.' அதன் பிறகு பத்தி 3ஐயும் இணைப்பு 2ஐயும் பலர் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வந்தார்கள். மற்ற இணைப்புகளை யாரும் தொடவில்லை, தொட வேண்டிய அவசியமும் இல்லை. அவர் மாற்றலாகிப் போனதும் அரைப் பக்கத் தாளும் போய்விட்டது.

பிரான்ஸில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள் என்று அங்கே நகராட்சி உறுப்பினராக இருந்த என் உறவினர் சொல்லித் தெரிந்துகொண்டேன். 3,500 பேரும் அதற்கு மேலும் வசிக்கும் ஊராக இருந்தால், மேயர் அனுப்பும் அழைப்போடு, பேசப்போகும் விஷயங்களைச் சுருக்கி விளக்கும் குறிப்பு ஒன்றும் போக வேண்டும். அதுவும் ஐந்து 'முழு நாள்' முன்னால். அனுப்பிய நாளும் கணக்கில் வராது, கூட்டம் நடக்கும் நாளும் வராது. அவசரம் என்றால் மேயர் நாளைக் குறைக்கலாம், ஆனாலும் ஒரு முழு நாளாவது இடையில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை என் ஏப்ரல் அழைப்புக்குப் போட்டுப் பாருங்கள். வியாழன் அனுப்பினேன், சனி கூட்டம். நடுவில் வெள்ளி மட்டும்தான். அந்த வெள்ளிக்கிழமையில் ஒருவர் வங்கிக்குப் போனார், ஒருவர் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தார், ஒருவர் கண் ஆஸ்பத்திரியில் இருந்தார். 38 பக்கம் எப்போது படிப்பார்கள்?

மே மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் அந்தத் தபால்துறை நண்பரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். மேஜை மேல் 'செல்லம்மாள்' இருந்தது. 38 பக்கமும் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கியிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் குறிப்பு.

"முசியே, படிக்காம வந்தேன்னு நினைச்சீங்க. முழுக்கப் படிச்சது நான் ஒருத்தன்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அந்தக் கதை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்காக: ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர், நோயாளியான மனைவியைத் தன்னந்தனியாகக் கவனித்துக்கொள்கிறார். அவள் இறப்பதில்தான் கதை ஆரம்பிக்கிறது. நண்பரின் மனைவி காலமாகி அப்போது எட்டு மாதம். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் இவர். கதை எதைப் பற்றியது என்று நான் ஒரு வரி போட்டிருந்தால், படிப்பதா, தள்ளி வைப்பதா, வருவதா, வராமல் இருப்பதா என்று அவரே முடிவு செய்திருப்பார். "செல்லம்மாள்னு பேரு மட்டும் போட்டிருந்தீங்க, ஏதோ குடும்பக் கதைன்னு நினைச்சு ராத்திரி பத்து மணிக்கு எடுத்தேன்" என்றார்.

எல்லாம் தெரிந்தும் எனக்கு இது தோன்றவில்லை. பக்கம், நேரம், நாள் இவைதான் அழைப்பு என்று நினைத்திருந்தேன். ஏப்ரலில் அவற்றையும் எழுதவில்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் மாத அழைப்பை உட்கார்ந்து எழுதினேன். கதை, மோப்பசானின் 'லா பாரூர்', 1884இல் வந்தது. நானே தமிழில் பெயர்த்து, பெரிய எழுத்தில் டைப் செய்தேன், 9 பக்கம் வந்தது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்துப் பார்த்தேன். பக்கத்துக்கு நாலு நிமிஷம். எனக்குக் கதை தெரியும், கண்ணும் பரவாயில்லை, ஆகவே மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தேன். கூட்டம் 14ஆம் தேதி சனிக்கிழமை. 9 முதல் 13 வரை ஐந்து முழு நாள் வர வேண்டும் என்று 8ஆம் தேதி ஞாயிறு காலையில் அனுப்பினேன். அழைப்பு இதுதான்:

'ஜூன் 14, சனி மாலை 5 மணி. வழக்கமான இடம். கதை: இரவல் நகை ஒன்றைத் தொலைத்துவிட்ட ஒரு குமாஸ்தாவின் மனைவியைப் பற்றியது. கடன், வறுமை உண்டு. நோய், மரணம் பற்றிய கதை அல்ல. வீட்டில் படிக்க வேண்டியது முதல் 4 பக்கம் மட்டும், சுமார் 20 நிமிடம். மீதி 5 பக்கத்தைக் கூட்டத்தில் உரக்கப் படிப்போம். யோசித்து வர ஒரே கேள்வி: நகை தொலைந்த அன்றே தோழியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமா? எழுதி வர வேண்டாம். படிக்க முடியாதவர்களும் வரலாம், ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் கதையைச் சொல்கிறேன். அச்சுப் பிரதி வேண்டுவோர் செவ்வாய்க்குள் சொல்லவும், வீட்டில் கொண்டுவந்து தருகிறேன்.'

'முடிந்தால் படிக்கவும்' என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். முடிந்தால் என்று போட்டால் யாருக்கும் முடியாது, இது ஆபீசில் கற்றது. 'கட்டாயம்' என்று போட்டால் படிக்காதவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். நாலு பக்கம் கண்டிப்பாக, ஆனால் படிக்காவிட்டாலும் நாற்காலி உண்டு, இதைச் சொல்லத்தான் இத்தனை வரி. நீளம் அதிகம் என்று என் மனைவி சொன்னாள். உண்மைதான்.

ஒரு வேடிக்கை. அந்தக் கதையே ஓர் அழைப்பிதழில்தான் தொடங்குகிறது. கல்வி அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் லுவாசேல் பெருமையோடு விருந்து அழைப்பைக் கொண்டுவருகிறான். அதைப் பார்த்து மனைவி மத்தில்த் அழுகிறாள், போட்டுக்கொள்ள உடை இல்லை. துப்பாக்கி வாங்கச் சேர்த்த 400 பிராங்கை எடுத்துக் கொடுக்கிறான். அழைப்பில் எழுதாத ஆயத்தம்தான் அந்தக் குடும்பத்தைக் கவிழ்க்கிறது. டைப் அடிக்கும்போதுதான் இது என் கண்ணில் பட்டது.

அழைப்பு சரியாக இருக்கிறதா என்பதை நான் போன் மணியை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். ஏப்ரலில் வெள்ளிக்கிழமை மட்டும் நாலு பேர், "சார், எதைப் படிக்கணும்? எல்லாத்தையுமா?" என்று கேட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜூனில் வந்த இரண்டு அழைப்பும் அச்சுப் பிரதிக்காக. 11 பேரில் 8 பேர் நாலு பக்கம் படித்து வந்தார்கள். மூவர் ஆவலில் முடிவு வரை படித்துவிட்டு, அதை மறைக்கத் தெரியாமல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது இந்த முறையில் உள்ள ஓட்டை, அடைக்க வழி தெரியவில்லை.

தபால்துறை நண்பர் அச்சுப் பிரதி கேட்ட இருவரில் ஒருவர். கூட்டத்துக்கு வந்தார். மீதி ஐந்து பக்கத்தை உரக்கப் படிக்க யார் என்று கேட்டபோது கை தூக்கினார். நல்ல குரல் அவருக்கு. 25 நிமிஷம் யாரும் அசையவில்லை.

மே மாதம் அவர் வீட்டில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க முசியே" என்று காபி கொடுத்தார். ஆனால் நான் அப்படிச் சொன்னது பத்துப் பேர் எதிரில், மன்னிப்புக் கேட்டது அவர் ஒருவர் எதிரில். ஜூன் 14 அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் படித்து முடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள், பிறகு காபி வந்துவிட்டது. ஜூலை அழைப்பு நாளை அனுப்ப வேண்டும்.