மூன்றாம் தேதி இரவு

உலகத்தில் எல்லோருக்கும் நள்ளிரவில்தான் தேதி மாறுகிறது என்று நாம் வெகு காலமாக எண்ணிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகச் சரித்திரமும் பூகோளமும் கற்பித்துவரும் நமக்கு, சர்வதேசத் தேதிக் கோட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விளக்குவதில் சிரமம் ஏற்பட்டதில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒரு கோடு நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிற்சுவரின் மீதே ஓடுகிறது என்பதை 2024-ஆம் வருஷத்தில்தான் அறிந்துகொண்டோம்.

அடுத்த வீட்டு நண்பர் கோயமுத்தூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் உலை நடத்துகிறவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பெரும்பாலும் இரவு வேலைதான். பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவார். தம் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகையால் நண்பர் என்றே சொல்லிப் போகிறோம்.

அவருடைய தொழிற்சாலையில் மூன்று வருஷமாக இழுபறியாயிருந்த சம்பள ஒப்பந்தம் ஒருவழியாக முடிந்து, பாக்கித் தொகை முழுவதும் 2023-24-ஆம் நிதி வருஷத்தில் ஒரே மூச்சில் கைக்கு வந்தது. பல வருஷத்துச் சம்பளம் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தால் வரியும் ஒரேயடியாக ஏறிவிடும். அது நியாயமல்ல என்பதால், அந்தந்த வருஷத்திலேயே அப்பணம் வந்திருந்தால் எவ்வளவு வரி ஆகியிருக்குமோ அதைக் கணக்கிட்டு, கூடுதலானதைத் தள்ளிக் கொடுக்கும்படி 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 89-வது பிரிவு ஏற்பாடு செய்திருந்தது. நண்பருக்குத் தள்ளுபடி 8,640 ரூபாய். தொழிற்சாலைக் கணக்கர் அதைக் கழித்துக்கொண்டே வரி பிடித்தார். நண்பரும் ஜூலை மாதத்தில் தம் ரிட்டர்னில் அதே தொகையை எழுதினார். ஆனால் அந்தத் தள்ளுபடியைக் கோருகிறவர் 10-இ என்னும் படிவத்தைத் தனியாகக் கணினி வழியே தாக்கல் செய்திருக்க வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர் நம்மிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். மின்னஞ்சலில் வந்தது. வருமான வரி எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, பிறந்த தேதியையும் சேர்த்துப் போட்டால்தான் பூட்டுத் திறக்கும். இந்த ரகசியம் தெரியாமலே அவர் நாலு நாள் தவித்திருக்கிறார்.

“சார், இதில் ஏகப்பட்ட தேதி இருக்குதுங்க. எதைப் பார்க்கிறதுன்னே தெரியலைங்க” என்றார்.

உண்மைதான். மேலே ‘2024-25’ என்றிருந்தது. அது வருமானம் வந்த வருஷமல்ல; அதற்கடுத்த, வரியைக் கணக்கிடுகிற மதிப்பீட்டு வருஷம். அதன் கீழே ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதி. இன்னொரு மூலையில் கடிதம் பிறப்பித்த தேதி: 03/09/2024. விஷயம் இதுதான்: ‘10-இ படிவம் காணோம், ஆகவே 89-வது பிரிவின் தள்ளுபடியை நீக்க உத்தேசித்திருக்கிறோம், உமது பதில் என்ன?’ சட்டத்தின் 143-வது பிரிவு முதல் உட்பிரிவின்படி, இப்படி ஒரு மாறுதலைச் செய்யுமுன் முப்பது நாள் அவகாசம் கொடுத்துக் கேட்க வேண்டும். முப்பது நாளைக்குள் பதில் வராவிட்டால் மாறுதலைச் செய்துவிடலாம். இந்த முப்பது நாள், கடிதம் பிறப்பித்த நாளைக் கொண்டு எண்ணப்படுவது. நாம் படித்த நாளுக்கு அதில் இடமே இல்லை.

நாம் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு நாளிலிருந்து இத்தனை நாள் என்றால், தொடங்கும் நாளைத் தள்ளிவிட வேண்டும். 1897-ஆம் வருஷத்துப் பொது விதிகள் சட்டத்தின் 9-வது பிரிவு அவ்வாறு சொல்கிறது. ஆகவே செப்டம்பர் 4 முதல் நாள்; அக்டோபர் 3 முப்பதாவது நாள். “அக்டோபர் மூன்றாம் தேதி வரைக்கும் பயமில்லை. அதற்குள் 10-இ படிவத்தைத் தாக்கல் செய்து, பதிலையும் அனுப்பிவிடுங்கள்” என்று கம்பீரமாகச் சொல்லி அனுப்பினோம். உபாத்தியாயரல்லவா!

அக்டோபர் 4-ஆம் தேதி மாலை நண்பர் மலர்ந்த முகத்தோடு வந்தார். “நேத்து ராத்திரி டீ இடைவேளையில் போனிலேயே முடிச்சிட்டேனுங்க சார். சரியா மூணாம் தேதிக்கு” என்று சொல்லி ஒப்புகைச் சீட்டைக் காட்டினார். அதில் 04-10-2024 என்று அச்சாகியிருந்தது. நேரம் அதிகாலை 1 மணி 40 நிமிஷம்.

அந்தச் சீட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, “இது நான்காம் தேதி” என்று நாம் சொல்லவேண்டியிருந்தது. அவர் நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து தொழிற்சாலையின் வருகை அட்டையை எடுத்துக் காட்டினார். அந்த இரவு முழுவதும், காலை ஆறு மணி வரையில், ‘3’ என்ற கட்டத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அவர் வீட்டுத் தினசரிக் காலண்டரைப் போய்ப் பார்த்தோம். அவர் தூங்கி எழுந்து பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அதில் தாள் கிழிபடுமாம். அவ்வீட்டில் மூன்றாம் தேதி, நான்காம் தேதி பிற்பகல் வரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவரை அறியாதவர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பின்னர் நாம் புரட்டிப் பார்த்தபோது, அவர் பக்கத்திலும் ஒரு சட்டம் நிற்பதைக் கண்டோம். அப்போது அமலிலிருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-வது பிரிவு, நள்ளிரவைத் தாண்டி வேலை செய்கிறவனுக்கு, நள்ளிரவுக்குப் பின் உழைத்த மணிகளை முந்திய நாளிலேயே சேர்த்து எண்ண வேண்டும் என்றும், அவனுக்கு அடுத்த நாள் என்பது வேலை முடிந்த பிறகே தொடங்குகிறது என்றும் விதித்திருந்தது. வேலை நேரத்தையும் விடுமுறையையும் கணக்கிட ஏற்பட்ட விதி அது. அந்த எல்லைக்குள் மிகவும் நியாயமானது. வரிச் சட்டத்துக்கோ நள்ளிரவுதான் எல்லை. ஒரே மனிதர் ஒரே இரவில் இரண்டு சட்டங்களின்படி இரண்டு தேதிகளில் வாழ்ந்துகொண்டிருந்தார். ‘மூன்றாம் தேதி வரைக்கும்’ என்று சொன்ன நாம், இரவு வேலைக்காரரிடம் பேசுகிறோம் என்பதை மறந்து, ‘மூன்றாம் தேதி இரவு பன்னிரண்டு மணிக்குள்’ என்று சொல்லாமற் போனோம். அந்தப் பிழையில் பாதிக்கு மேல் நம்முடையது.

நவம்பர் 12-ஆம் தேதி இரண்டாவது கடிதம் பிறந்தது. குறித்த காலத்துக்குள் பதில் வரவில்லை; தள்ளுபடி நீக்கப்பட்டது; 8,640 ரூபாய் கட்டவேண்டும். மகளுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டவிருந்த மாதம் அது. கடிதம் 12-ஆம் தேதியே மின்னஞ்சலில் வந்துவிட்டது. நண்பர் அதைத் திறந்தது 17-ஆம் தேதி. இம்முறை அவர் நம்மைக் கணக்குப் போடச் சொல்லவில்லை. தாமே பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார்.

“இதில் எந்த நாள்ளிருந்து எண்ணோணுங்க?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்ததே பெரிய படிப்பு என்று நமக்குத் தோன்றிற்று. முதல் கடிதத்தில் பிறப்பித்த நாள் கணக்கு. பணம் கட்டச் சொல்லும் இக்கடிதத்தில், நம்மிடம் வந்து சேர்ந்த நாள் கணக்கு. மேல் முறையீட்டுக்குரிய முப்பது நாளும் அப்படியே. ஆனால் சேர்ந்த நாள் என்பது திறந்த நாள் அல்ல. நாம் குறித்துக் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் பெட்டிக்குள் கடிதம் நுழைந்ததுமே அது சேர்ந்ததாகிவிடும் என்பது 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-வது பிரிவு. ஆகையால் 17-ஐ மறந்து 12-ஐ வைத்துக்கொண்டார். விரல் விட்டு எண்ணி டிசம்பர் 12 என்றார். சரி. “ஒரு மாசம்னாலும் இதே தேதிதானுங்களே?” என்று கேட்டார். நவம்பருக்கு முப்பது நாளாகையால் ஒத்துவந்தது. அக்டோபர் 12-ஆம் தேதிக் கடிதமாயிருந்தால் கெடு நவம்பர் 11-ஆம் தேதியே முடிந்திருக்கும் என்று விளக்கினோம். முப்பது நாள் வேறு, ஒரு மாதம் வேறு.

கெடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டோம். மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. தொகையில் நூறுக்குக் குறைந்த சில்லறையை விட்டுவிடுவார்கள். ஆகவே 8,600-க்கு 86 ரூபாய். ஆனால் மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கொள்ளப்படும். டீ இடைவேளையின் ஒன்றரை மணித் தாமதத்துக்கும் அதே 86 ரூபாய்தான்.

தப்பும் வழி ஒன்று இருந்தது. தாக்கல் செய்த ரிட்டர்னில் குறை கண்டால், திருத்திய ரிட்டர்ன் ஒன்றை மதிப்பீட்டு வருஷத்தின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. தாமதமாக வந்தாலும் 10-இ படிவம் அக்டோபர் 4-ஆம் தேதியிலிருந்து ஏட்டில் இருக்கவே இருந்தது. நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திருத்திய ரிட்டர்னை அனுப்பினார். கேட்பு சரியல்ல என்ற ஆட்சேபத்தையும் அதே நாளில் பதிவு செய்தார். ஆட்சேபம் வட்டியைத் தடுக்காது என்பதையும் அறிந்தே செய்தார். டிசம்பர் 12 கடந்தது. புதிய வருஷமும் பிறந்தது. ஜனவரியில் மூன்றாவது கடிதம் வந்தது. தள்ளுபடி ஒப்புக்கொள்ளப்பட்டது, கட்டவேண்டிய தொகை சூன்யம்.

இங்கே சொன்ன பிரிவு எண்கள் 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருமாறு இயற்றப்பட்ட 2025-ஆம் வருஷத்துச் சட்டத்தில் எண்கள் வேறு. ஆகவே எண்ணை நெட்டுருப் போடுவதில் பயனில்லை. கையிலுள்ள கடிதம் எந்த நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது, எத்தனை நாள் என்கிறது என்பதை அந்தக் கடிதத்திலேயே தேடவேண்டும்.

சென்ற வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். காலண்டரில் ஒரு தாளின் மேல் பென்சிலால் ‘மின்சாரப் பணம், பகல்’ என்று எழுதியிருந்தது. கெடு என்றைக்கு என்று கேட்டோம். “கெடு நாளைக்குத்தானுங்க. ஆனா எனக்கு நாளைக்குங்கிறது எப்போ வருதுன்னு இன்னும் நிச்சயமாத் தெரியலைங்களே சார்” என்று சிரித்தபடியே மிதிவண்டியை எடுத்தார். மணி ஒன்பதரை. உலை காத்துக்கொண்டிருந்தது.