டீ குடிச்ச ரிமோட்டு

அப்பத்தா கைதவறி டிவி ரிமோட்டு மேல டீ கொட்டிருச்சுங்க. மறுநாள் வால்யூம் பட்டன் அமுங்குனது எந்திரிக்கலை, ஏழாம் நம்பர் வேலையே செய்யலை. அப்பத்தா பார்க்கிற சேனலோ 107. டீ காஞ்சாலும் சர்க்கரை உள்ளே பசையா நின்னுக்குமுங்க.

செல்போன் முன்பக்கக் கேமராவுல ரிமோட்டு முனையைப் பார்த்தேன். மத்த பட்டனை அமுக்கினா வெளிச்சம் மினுக்குது. ஏழுக்கு மட்டும் இல்லை.

பேட்டரியைக் கழட்டி, ஸ்குரூ எடுத்து, ஓரத்துல பழைய ஏடிஎம் கார்டு விட்டு நெம்பினேன். ரப்பர் பட்டன் விரிப்பை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில அலசினேன். அடியில இருக்குற கரும்புள்ளியைத் தேய்க்கக் கூடாதுங்க; மின்சாரம் கடத்துறது அந்தக் கரிதான். சர்க்யூட் பலகையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சேன். பெட்ரோல், தின்னர் ஆகாது, ரப்பர் உப்பிரும். ராத்திரி முழுக்க நிழல்ல காயவச்சு மூடினேன்.

வால்யூம் சரியாயிருச்சு. ஏழு வரலை. திரும்பப் பிரிச்சு, பேட்டரியோட, பலகையில ஏழாம் நம்பர் இடத்துல மட்டும் சின்ன வெள்ளித்தாள் துண்டை அமுக்கினேன். வெளிச்சம் வந்துச்சு. அப்போ பலகை நல்லாருக்கு, ரப்பர்ல கரிதான் தேஞ்சு போச்சு. இதேமாதிரி பலகையில கோடுகள் பச்சை பூத்து அரிச்சிருந்தாலும் துடைச்சுப் பிரயோசனமில்லைங்க. பழசைக் கையில எடுத்துட்டுப் போய், அதே மாதிரி புதுசு வாங்கிட்டேன்.