ஒத்தக் கம்பி எவ்ளோ உசரம் நிக்கும்?

ஒரு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரலை. பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டு கோயம்புத்தூர் போயிருந்தேன். அப்பா பட்டறையை விடப்போறார், சாமான் எடுத்து வைக்க ஆள் வேணும்னு கூப்பிட்டிருந்தார். அங்க நடந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும். பயந்து ஓடிறாதீங்க, பெருக்கலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும் :-)

முதல்ல ஒரு கொசுவத்தி. நான் இஞ்சினியரிங் ரெண்டாம் வருசம் படிச்சப்போ ஒரு சனிக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து கணக்கு அசைன்மென்ட் எழுதிட்டிருந்தேன். பவர் சீரீஸ் வச்சு டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் தீர்க்கிற பாடம். தாள் முழுக்க a0, a1, a2. அப்பா எட்டிப் பார்த்தார். கைல ஒரு மில்லிமீட்டர் ஸ்பிரிங் கம்பி ஒண்ணு. அதை வைஸ்ல செங்குத்தா புடிச்சுட்டு கேட்டார்.

"ஏன் கண்ணு, இது எவ்ளோ உசரம் தானா நிக்கும்? உன் கணக்குல வருமா?"

"தெரியலைங்ப்பா. இது வேற பாடங்ப்பா."

"மூணு அடி. அதுக்கு மேல போனா சாஞ்சுக்கும்" அப்படின்னுட்டு அவர் வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

திட்டலை, கிண்டல் பண்ணலை. அதுதான் உறுத்துச்சு. அந்தப் பாடத்துல நான் முழு மார்க். பல வருசம் கழிச்சு வேற எதையோ தேடும்போதுதான் தெரிஞ்சது, அவர் கேட்ட கேள்விக்கு விடையே அன்னைக்கு என் தாள்ல இருந்த சமன்பாடுதான்னு! வேற பாடமாம், வேற பாடம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கம்பியோட அடி வைஸ்ல இறுக்கமா இருக்கு, நுனி சும்மா காத்துல நிக்குது. நுனியில இருந்து கீழ்நோக்கி s தூரம் வாங்க. அதுக்கு மேல இருக்கிற கம்பியோட எடை w·s. இதுல w-ங்கிறது ஒரு மீட்டர் கம்பியோட எடை. அந்த இடத்துல கம்பி θ அளவு சாஞ்சிருந்தா, எடையில் w·s·θ அளவு கம்பியை இன்னும் வளைக்கப் பார்க்கும். கம்பியோட விறைப்பு அதை எதிர்க்கும். விறைப்புக்கு EI-ன்னு பேர். E உலோகத்தோட குணம், I கம்பியோட குறுக்குவெட்டைப் பொறுத்தது. ரெண்டையும் சமன் பண்ணினா:

EI θ'' + w s θ = 0

நீளத்தை அளக்கிற அலகைக் கொஞ்சம் மாத்தினா, அதாவது x = s × (w/EI)-யோட கனமூலம்னு வச்சா, எல்லா மாறிலியும் ஓடிப்போய் இவ்ளோதான் மிஞ்சும்:

y'' = -x y

பார்க்க அப்பாவியா இருக்கும். ஆனா சைன், காஸ், எக்ஸ்பொனென்ஷியல் எதை வச்சும் இதுக்கு விடை எழுத முடியாது. 1838-ல் ஏரிங்கிற வானியலாளர் வானவில் பக்கத்துல ஒளி எப்படிப் பரவுதுன்னு பார்க்கப் போய் இதே குடும்பத்தைத்தான் தொட்டார். 1881-ல் கிரீன்ஹில்ங்கிறவர் ஒரு கம்பம், ஒரு மரம் எவ்ளோ உயரம் வரைக்கும் நிக்க முடியும்னு கணக்குப் போட்டார். எங்கப்பா கேட்ட அதே கேள்வி.

தெரிஞ்ச ஃபங்ஷன் எதுவும் ஒத்து வரலையா, விடையை நாமே கட்டிக்குவோம்:

y = a0 + a1 x + a2 x² + a3 x³ + ...

ரெண்டு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணினா xⁿ-க்கு முன்னாடி (n+2)(n+1)·a(n+2) நிக்கும். வலது பக்கம் y-யை x-ஆல் பெருக்குறோம். அப்போ எல்லா உறுப்பும் ஒரு படி மேல ஏறிடும். அதனால அங்க xⁿ-க்கு முன்னாடி நிக்கிறது a(n) இல்லை, a(n-1). இந்த ஒரு படியைத்தான் பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விடுவாங்க. ரெண்டு பக்கமும் சமம்னா:

(n+2)(n+1) · a(n+2) = - a(n-1)

n = 0 வரும்போது வலது பக்கம் a(-1) கேட்கும். அப்படி ஒண்ணு கிடையாது, அதனால 2·a2 = 0. இதைத் தனியா எழுதலைன்னா a2 எங்கேன்னு கடைசி வரைக்கும் தேடிட்டிருக்கணும்.

இப்போ பாருங்க, ஒவ்வொரு எண்ணும் மூணு படி தள்ளி இருக்கிற எண்ணைப் பெத்துப் போடுது. a0-ல இருந்து a3, a6, a9. a1-ல இருந்து a4, a7. a2-ல இருந்து a5, a8. மூணும் மூணு தனிக் குடும்பம், ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை கிடையாது. a2 பூஜ்யம், அதனால அந்தக் குடும்பமே காலி. நுனியில எந்த வளைவும் இருக்க முடியாது, ஏன்னா அதுக்கு மேல வளைக்க எடையே இல்லை. அதாவது y'(0) = 0, அதனால a1 குடும்பமும் காலி. மிச்சம் a0 மட்டும்:

y = a0 (1 - x³/6 + x⁶/180 - x⁹/12960 + ...)

6-ங்கிறது 3×2. 180-ங்கிறது 6×(6×5). 12960-ங்கிறது 180×(9×8). அவ்ளோதான் ரிகரன்ஸ்.

அடி வைஸ்ல இருக்கு, அங்க கம்பி சாய முடியாது. அதனால அந்த இடத்துல y பூஜ்யமா இருக்கணும். அதுக்கு ரெண்டே வழி. ஒண்ணு, a0 பூஜ்யம்: கம்பி நேரா நிக்குது. இல்லைன்னா அடைப்புக்குள்ள இருக்கிறது பூஜ்யம்: அப்போ a0 எதுவா வேணா இருக்கலாம். கம்பி கொஞ்சம் சாஞ்சாலும் நிம்மதியா இருக்கும், நிறைய சாஞ்சாலும் நிம்மதியா இருக்கும், நேரா வர்றதுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அதுதான் விழுற உயரம்! கல்லூரியில a0 பக்கத்துல "மாறிலி"ன்னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கேன். கம்பிக்கு எவ்ளோ சாயுறதுங்கிறதுல கிடைச்ச சுதந்திரம் அதுன்னு அன்னைக்கு உறைக்கலை.

அடைப்பு எப்போ பூஜ்யமாகும்? x³-ஐ t-ன்னு வச்சுக்குவோம். ரெண்டு உறுப்பு மட்டும் எடுத்தா t = 6. மூணு எடுத்தா 8.29. நாலு எடுத்தா 7.81. அஞ்சு எடுத்தா 7.838. ஆறுல 7.837-ன்னு நின்னுடும். ஊஞ்சல் மாதிரி ரெண்டு பக்கமும் ஆடி அடங்குது. பொட்டி தட்டுற ஆளுங்களுக்காக:

```python
def y(t, terms):
    total = a = 1.0
    n = 0
    for _ in range(terms - 1):
        a = -a * t / ((n + 3) * (n + 2))
        total += a
        n += 3
    return total
```

கீழ வகுக்கிற எண் வளர்ந்துக்கிட்டே போறதால எந்த t-க்கும் இது கூடி முடியும். ஆனா தைரியமா பெரிய எண்ணைக் கொடுத்துடாதீங்க. x = 10, அதாவது t = 1000 போட்டா நடுவுல உறுப்புகள் 6 கோடியைத் தாண்டும், மாறி மாறிக் கழிஞ்சு கடைசி விடை 1-ஐ விடச் சின்னதா வரணும். ஏழு இலக்கம் மட்டும் வச்சிருக்கிற float-ல் இதைப் போட்டா வர்றது வெறும் குப்பை. டபுள்லயும் பாதி இலக்கம் போயிடும். நம்ம கம்பிக்கு x கிட்டத்தட்ட 2-தான், பிரச்சினை இல்லை.

ஆக, உயரம் h-க்கு:

h³ = 7.837 × EI / w

ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பிக்கு E 200 கிகா பாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. EI/w 0.162 வருது. 7.837-ஆல் பெருக்கினா 1.27. கனமூலம் 1.08 மீட்டர். அதாவது மூணு அடி ஆறரை அங்குலம்.

அப்பா சொன்னது மூணு அடி.

இதை ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டுத்தான் பொங்கலுக்குப் போனேன். பட்டறையில் லேத்தை ஏற்கெனவே வித்தாச்சு. வைஸ் மட்டும் பெஞ்சோட இருந்தது. நாலு அடி நீளக் கம்பி ஒண்ணைத் தேடி எடுத்து, கீழ்ப்பக்கம் வைஸுக்கு அடியில் இறங்குற மாதிரி புடிச்சோம். மேல தெரியுற நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம். ரெண்டரை அடியில் சும்மா ஜம்முன்னு நின்னது. மூணு அடியில் லேசா ஒரு பக்கம் சாய்வு.

"பாத்தியா, மூணு அடி" அப்படின்னார் அப்பா.

"இன்னும் ஏத்துங்ப்பா, விழாது."

மூணடி மூணங்குலத்துல நல்லாவே வளைஞ்சுது, ஆனா தட்டி விட்டா திரும்பி அதே இடத்துக்கு வந்தது. மூணடி ஆறங்குலத்துல தலை தொங்கிப் போச்சு. கணக்கு ஜெயிச்சுருச்சுன்னு நான் ஒரு சிரிப்பு சிரிச்சேன் பாருங்க... அப்பா கம்பியைக் கழட்டி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு நீளவாக்குல பார்த்தார்.

"இது நேரா இல்லை கண்ணு. உன் கணக்கு நேரான கம்பிக்குத்தானே?"

சிரிப்பு நின்னு போச்சு. உண்மைதான். ராத்திரி உட்கார்ந்து அதையும் பார்த்தேன். கம்பியில் முதல்லயே ஒரு சின்னக் கோணல் இருந்தா, எடை அதைப் பெருக்கிக் காட்டும். விழுற உயரத்தோட கனத்துல நாம நிக்கிற உயரத்தோட கனம் எத்தனை பங்குன்னு பாருங்க. அதை 1-ல இருந்து கழிச்சு, வர்றதைக் கீழ போட்டு 1-ஐ வகுத்தா ஏறக்குறைய எத்தனை மடங்குன்னு வரும். மூணு அடியில் அந்தப் பங்கு 0.6. அப்போ கோணல் ரெண்டரை மடங்கு ஆயிடும். மூணடி மூணங்குலத்துல நாலு மடங்குக்கு மேல. கண்ணுக்குத் தெரியாத கோணல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற இடம் அந்த மூணு அடி. அப்பா சொன்னது சாயுற உயரம். நான் கண்டுபிடிச்சது விழுற உயரம். பட்டறையில் எது தேவைன்னு கேட்டீங்கன்னா, அவரோடதுதான்.

மறுநாள் காலைல காபி குடிக்கும்போது சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அப்ப ரெண்டு மில்லி கம்பின்னா ஆறு அடி சாயாம நிக்குமா?"ன்னார். இல்லைங்ப்பா, விட்டம் ரெட்டிச்சா உயரம் 1.6 மடங்குதான் கூடும், உயரம் ரெட்டிக்கணும்னா விட்டம் 2.8 மடங்கு வேணும்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஆமா, அஞ்சு அடிக்கே ஆடும்"ன்னார். கணக்குப்படி நாலே முக்கால் அடி. நான் வாயைத் திறக்கலை.

வைஸை நான் பெங்களூருக்குக் கொண்டு வந்துட்டேன். பதினெட்டு கிலோ, பஸ்ல கண்டக்டர் முறைச்சார். இப்போ பால்கனியில இருக்கு, ஒரு கம்பியோட.

பி.கு: வீட்ல செஞ்சு பார்க்கிறவங்க, சுருள்ல இருந்து வெட்டின கம்பி வேண்டாம். அதோட கோணல்ல அப்பாவோட மூணு அடி கூட வராது. நேரா வெட்டி விக்கிற கம்பியா வாங்குங்க. எத்தனை அடி நின்னுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.