பதாகையின் கடைசி வரிசை

போன வருசம் எங்கட ஊர் விளையாட்டுக் கழகத்தின் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு 10,000 ரூபாய் அனுசரணை கொடுத்தோம். மைதானத்து வேலியில் கட்டின பதாகையில் 15 பெயர்கள். நகைக்கடைக்கும் சீமெந்துக் கடைக்கும் கீழே, கடைசி வரிசையில் எங்கட நெல்லிக் கிரஷ். சனம் மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து வேலியோரம் நிறுத்த, அந்த வரிசை முழுக்க மறைஞ்சு போச்சு. அதால ஒரு போத்தலாவது கூட விற்றதா எண்டும் எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சு கொள்ள ஒரு வழியும் வைத்திருக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர், ஒரு வீட்டுக் குசினி. கடைக்காரர் விற்ற போத்தலுக்குத்தான் காசு தருவார், விற்காததைத் திருப்பித் தந்துவிடுவார். 10,000 எண்டால் எங்களுக்கு ஒரு கிழமைக்கான நெல்லியும் சீனியும்.

இந்த வருசமும் கழகச் செயலாளர் அண்ணை வந்தார். "தங்கச்சி, போன முறை மாதிரி ஒரு பத்துப் போடுங்கோவன்." காசு தர மாட்டம், ஆடுறவைக்கும் பார்க்க வாறவைக்கும் குடிக்க நாங்கள் தாறம் எண்டம். கழகம் வழக்கமாகக் காசு கொடுத்துச் சோடா வாங்கும். அது மிச்சம் எண்டதும் அவர் முகம் மாறிச்சு. பதிலுக்கு ஸ்கோர் எழுதுற மேசைக்குப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு மேசை, ஒவ்வொரு ஆட்ட இடைவேளையிலும் மைக்கில் ஒரு வசனம். பதாகையில் பெயர் தேவையில்லை எண்டு சொல்ல அவருக்குச் சிரிப்பு.

கணக்குப் போட்டம். ஒரு பங்கு கிரஷுக்கு நாலு பங்கு தண்ணி விட்டால் 750 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றில் 18 கப் வரும். 300 கப்புக்கு 17 போத்தல். எங்களுக்கு ஒரு போத்தல் செய்து முடிக்க 420 ரூபாய் பிடிக்கும். கடையில் விலை 750. கப், ஐஸ், தண்ணிக் கான் எல்லாம் சேர்த்து 11,500க்குக் கிட்ட வந்தது. பதாகைக் காசை விட கொஞ்சம் கூடத்தான். ஆனால் இந்த முறை 300 பேரின் வாயில் எங்கட சாமான் படும். நெல்லி எண்டாலே கைக்கும் எண்டு நினைக்கிறவரை 750 ரூபாய்க்கு வாங்கிப் பார்க்கச் சொல்ல ஏலாது. ஒரு கப் சும்மா கொடுக்கலாம்.

முதல் நாள் காலமை போய் மேசை போட்டால், எங்கட இடத்தில் ஒரு குளிர்பான முகவரின் குடை நிற்குது. கழகத்தில் இன்னொருவர் அவருக்கும் ஓம் எண்டு சொல்லியிருக்கிறார். "உங்களைப் போல வேற ஆர் தாறினம்?" எண்டு முதலே கேட்டிருக்க வேணும். சண்டை பிடிக்க ஏலாது, ஊருக்குள்ள இருக்கிற ஆக்கள். மேசையைப் படலையடிக்கு நகர்த்தினம். வாற சனம் எல்லாம் அதைத் தாண்டித்தான் உள்ளுக்குப் போக வேணும் எண்டது பிறகுதான் விளங்கிச்சு.

அடுத்த பிழை எங்கட. மத்தியானத்துக்குள்ள 180 கப் முடிஞ்சு போச்சு. குடிச்சது முழுக்க வெயிலில் ஓடின பெடியள். ஆசையாக் குடிப்பினம், ஆனால் வீட்டுக்குக் கிரஷ் வாங்குறது அவையள் இல்லை. வாங்குறது அம்மாமார், அவை இறுதிப் போட்டிப் பின்னேரம்தான் வருவினம். மிச்சம் 120 கப்பை அடுத்த நாள் நாலு மணி வரைக்கும் தொடவில்லை. பெடியளுக்குத் தண்ணி கொடுத்துச் சமாளிச்சம்.

பின்னேரம் குடிச்ச எல்லாருக்கும் துண்டு கொடுக்கவில்லை. "இது எங்க வாங்கலாம்?" எண்டு கேட்டவைக்கு மட்டும் எங்கட முத்திரை குத்தின சின்னத் துண்டு. ஊரில் இரண்டு கடைகளில் அதைக் கொடுத்தால் போத்தலுக்கு 50 ரூபாய் கழிவு. கடைக்காரர் துண்டுகளைச் சேர்த்து வைக்க, மாத முடிவில் அந்தக் கழிவுக் காசை நாங்கள் கட்டினம். 64 துண்டு கொடுத்தம், ஒரு மாதத்தில் 19 திரும்பி வந்தது. 19 போத்தலின் இலாபம் 11,500ஐ எட்டாது, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் துண்டு இல்லாமலும் திரும்ப வந்து வாங்கினவை ஏழு பேர் எண்டு கடைக்கார ஐயா சொன்னார். அந்த இரண்டு கடையிலிருந்தும் பிறகு போத்தல் திரும்பி வரவில்லை. குடிச்சுப் பார்க்கிற சாமான் எண்டபடியால் இது சரிவந்தது. தையல் கடை வைத்திருந்தால் வேறு ஏதாவது யோசிச்சிருக்க வேணும்.

நாங்கள் எதிர்பாராதது பரிசளிப்புக்கு முந்தின அரை மணித்தியாலம். அதிதிகள் வரப் பிந்த, அனுசரணையாளர்கள் எல்லாரும் கதிரைகளில் சும்மா இருந்தம். பக்கத்தில் கொட்டகையும் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கிற அண்ணை. அவரும் காசு கொடுக்காமல் கதிரையைத்தான் கொடுத்திருந்தார். இரண்டு கப் குடிச்சார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று கிழமை கழிச்சு ஃபோன் எடுத்தார். ஒரு கலியாண வீட்டில் வாற ஆக்களுக்கு வாசலில் கொடுக்க 250 கப் வேணுமாம்.

"ஐஸ் நீங்கள் கொண்டு வருவியளோ, நான் எடுக்கட்டோ?" எண்டு கேட்டார்.