காபியோடு வந்த கடிதம்

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நூற்பாலையின் மார்ச் 31 கணக்கைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். காபி வந்தது. கூடவே அக்கவுண்டன்ட் ஒரு கவரை நீட்டினார். "சார், பேங்க் கன்ஃபர்மேஷன். உங்களுக்கு அலைச்சல் வேண்டாமேன்னு நானே வாங்கிட்டு வந்துட்டேன்."

லெட்டர்ஹெட், முத்திரை, மேனேஜர் கையெழுத்து எல்லாம் இருந்தன. ஃபிக்ஸட் டெபாசிட் 50 லட்சம் என்று ஒரே வரி. லெட்ஜரிலும் அதே 50 லட்சம். டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கலாம்.

ஆனால் இந்தக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, அது வந்த வழியை. வங்கிக்கு எழுதும் கடிதத்தில் கம்பெனி சம்மதக் கையெழுத்துப் போடலாம். தபாலில் சேர்ப்பது ஆடிட்டர்தான். கிளையின் முகவரியையும் அவரே சரிபார்க்க வேண்டும். பதிலும் நேராக ஆடிட்டர் ஆபீசுக்கே வர வேண்டும். நடுவில் கம்பெனியின் கை பட்டுவிட்டால், அது வங்கி சொன்னதுதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, என்ன கேட்டோம் என்பது. டெபாசிட் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் வங்கி அதை மட்டும்தான் சொல்லும். அதனால் என் கடிதத்தில், மார்ச் 31 அன்று கம்பெனி பெயரில் இருந்த எல்லாக் கணக்குகள், கடன்கள், கொடுத்த உத்தரவாதங்கள், டெபாசிட் மேல் உள்ள பிடிமானம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. டெபாசிட் 50 லட்சம், சரிதான். கீழே இன்னொரு வரி: டைரக்டரின் தம்பி நடத்தும் வேறொரு நிறுவனம் வாங்கிய 45 லட்சம் கடனுக்கு இந்த டெபாசிட் பிணை. தம்பி கட்டாவிட்டால் ஆலைக்கு மிஞ்சுவது அசலில் 5 லட்சம்தான். கணக்கிலோ முழுத் தொகையும் கைக்கு எட்டும் பணமாக நின்றது.

அக்கவுண்டன்ட் கொண்டுவந்த கடிதம் பொய்யில்லை. அதில் பாதி உண்மைதான் இருந்தது. டைரக்டர் முணுமுணுத்தார். பிணையில் இருக்கும் டெபாசிட் என்று தனியாகக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜுவின் கடிதம் வெளியானபோது எனக்கு அந்தக் கவர்தான் ஞாபகம் வந்தது. கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதியிருந்தார். வங்கிகளுக்குக் கடிதம் அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் ஆடிட்டர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை என்பது பின்னால் விசாரணையில் தெரிந்தது.

அன்று காபியை மட்டும் குடித்தேன். கவரைத் தனியாக எடுத்து வைத்தேன்.