ஒரு சீர் குறைந்தால்

வெளிமாநிலத்தில் வளரும் நம் மக்களுக்குக் குறுந்தொகையின் 40-ஆம் பாடலை நாம் சீர் எண்ணிப் படித்துக் காட்டுகிறோம். ஐந்தடிகள் கொண்ட நேரிசை ஆசிரியப்பா அது. முதல் மூன்றடிகளில் நான்கு நான்கு சீர்களாக, தாயர், தந்தையர், காதலர் உறவு பற்றிய வினாக்கள் அடுக்கி வருகின்றன. நான்காமடியோ செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொல்லி, உவமையுருபோடு மூன்றே சீரில் நின்றுவிடுகிறது. செவி நான்காம் சீரைத் தேடுகிறது. உள்ளம் உவமைக்குரிய பொருளைத் தேடுகிறது. இறுதியடி நாற்சீரும் நிரம்ப வந்து, நெஞ்சங்கள் கலந்தமையைச் சொன்னதும் அவ்விரு தேட்டமும் தீர்கின்றன.

வெண்பாவில் முச்சீரடி ஈற்றில் நின்று பாட்டை முடிக்கும். இங்கோ ஈற்றயலில் நின்று முடிவுக்கு ஏங்கவைக்கிறது. இரண்டடிகளையும் ஒரே மூச்சில் ஓட்டினால் அவ்வேக்கம் அழிந்துவிடும். ஆகவே நான்காமடியின் முடிவில் நாம் சற்றே நிறுத்துகிறோம்.